யாருடைய முழம்?

ஆசிரியர் ஒரு மேசையைத் தன் கையால் அளந்து 6 சாண் என்கிறார். அதே மேசையை மூன்றாம் வகுப்புக் குழந்தை அளந்தால் 8 சாண் வரலாம், 9 சாணும் வரலாம். ‘அப்படியென்றால் மேசை வளர்ந்துவிட்டதா?’ என்று கேட்டால் சில குழந்தைகள் சிரிப்பார்கள். சிலர் மேசையை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 9 என்பது 6-ஐ விடப் பெரிய எண் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வெகுநாள் ஆகவில்லை. பெரிய எண் வந்தால் பொருளும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஜெனீவாவில் உளவியலாளர் ஜான் பியாஜேயுடன் பணியாற்றிய பேர்பெல் இன்ஹெல்டரும் அவருடைய சகாக்களும் இதைத் தீக்குச்சிகளை வைத்துச் சோதித்தார்கள். நீளமான குச்சிகளால் ஒரு பாதை. குட்டையான குச்சிகளால் அதே நீளத்துக்கு இன்னொரு பாதை. எது நீளம் என்று கேட்டபோது, சிறு குழந்தைகள் பலர் பாதையைப் பார்க்காமல் குச்சிகளை எண்ணினார்கள். எதில் குச்சி அதிகமோ அதுவே நீளமான பாதை என்றார்கள். 1974-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவர்களுடைய நூலில் இந்தச் சோதனை விரிவாக இடம்பெற்றிருக்கிறது.

‘அளக்கும் அலகு சிறிதானால் எண்ணிக்கை கூடும்’ என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம். குழந்தைகள் உரக்கப் படிப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள், தேர்விலும் எழுதுவார்கள். மேசையை மறுபடி அளக்கச் சொன்னால் பழைய குழப்பம் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கதை கைகொடுக்கிறது. ஆனால், எந்தக் கதை? அதை எப்படிக் கட்டுவது?

கதையை வகுப்புக்குள் கொண்டுவருவதில் இந்தியாவுக்கு ஒரு முன்னோடி உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளியை நடத்திய கிஜுபாய் பதேக்கா, 1930-களின் தொடக்கத்தில் ‘திவாஸ்வப்னா’ என்ற நூலை எழுதினார். தமிழில் அது ‘பகற்கனவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் வரும் லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர், நான்காம் வகுப்புக் கூச்சலை அடக்கக் கையாளும் முதல் கருவி கதைதான். நாள்கணக்கில் கதை சொல்கிறார். பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். அவரோ கதையைப் பிடித்துக்கொண்டே குழந்தைகளை வாசிப்புக்கும் நாடகத்துக்கும் நகர்த்துகிறார். அங்கே கதை செய்யும் வேலை பெரியது, பரந்தது: ஆசிரியர்மேல் நம்பிக்கை வருகிறது, காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் வருகிறது, புத்தகத்தின்மேல் ஆசை பிறக்கிறது. அந்த வகைக் கதைக்குக் குறிப்பிட்ட கற்றல் நோக்கம் எதுவும் தேவையில்லை. இருந்தால் அது கெட்டுவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

முழத்தையும் சாணையும் புரியவைக்க வேண்டிய ஆசிரியரின் தேவை வேறு. அவருக்கு ஒரே ஒரு கருத்து குழந்தையின் மனதில் இறங்க வேண்டும். அதற்கான கதை, சுவையாக இருந்தால் மட்டும் போதாது. குழந்தை எதைப் பற்றி யோசிக்கிறதோ அதுதான் நினைவில் தங்கும் என்பார் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம். அவர் தரும் உதாரணம் ஒன்று: அடிமைகள் தப்பிச் சென்ற ரகசியப் பாதைகளைப் பற்றிய பாடத்துக்காக ஓர் ஆசிரியர் குழந்தைகளை பிஸ்கட் செய்யவைத்தார். தப்பிச் சென்றவர்கள் வழியில் அதைச் சாப்பிட்டார்கள் என்பதுதான் தொடர்பு. ஆனால், பாடவேளை முழுக்கக் குழந்தைகள் யோசித்தது மாவையும் பாலையும் பற்றி. கதையிலும் இதுவே நடக்கிறது. கிணற்றுக்குள் ஒரு முதலையை வைத்துவிட்டால், மறுநாள் வகுப்பு நினைவில் வைத்திருப்பது முதலையைத்தான்.

ஆகவே, கதையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘நீளம் அளத்தல்’ என்பது தலைப்பு, நோக்கம் அல்ல. ‘அலகுகளைப் பற்றிப் புரிந்துகொள்வர்’ என்பதும் போதாது, ஏனென்றால் புரிந்ததா இல்லையா என்பதை ஆசிரியர் கண்ணால் பார்க்க முடியாது. குழந்தை என்ன சொன்னால், என்ன செய்தால் அது புரிந்ததன் அடையாளம் என்பதை எழுத வேண்டும். இங்கே அது இப்படி இருக்கலாம்: ‘12 முழம் என்று யாராவது சொன்னால், யாருடைய முழம் என்று குழந்தை திருப்பிக் கேட்கும், சின்னக் கையால் அளந்தால் எண்ணிக்கை கூடும் என்று அளந்து பார்ப்பதற்கு முன்பே சொல்லும்.’

அடுத்தது பலர் தாண்டிப் போய்விடும் படி. இந்தக் கருத்து தெரியாத குழந்தை என்ன தவறு செய்யும் என்று கண்டுபிடிக்க வேண்டும். முழம் என்றால் எல்லார் முழமும் ஒன்றுதான் என்று அது நம்பும். அந்த நம்பிக்கையை எடுத்துக் கதாபாத்திரத்தின் கையில் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையால்தான் கதையில் சிக்கல் வர வேண்டும். அதை விட்டால்தான் சிக்கல் தீர வேண்டும். சுருங்கச் சொன்னால், கருத்தை உருவிவிட்டால் கதையே நிற்கக் கூடாது. உருவிய பிறகும் கதை நன்றாக ஓடுகிறது என்றால், அந்தக் கருத்து வெளியே ஒட்டவைத்த வால்தான்.

இதை வைத்து ஒரு கதையைக் கட்டிப் பார்க்கலாம். தென்னை நார்க்கயிறு திரிக்கும் வீடுகள் உள்ள பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் கதை நடப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக் கிணற்றின் பழைய கயிறு இற்றுப்போய்விட்டது. புதுக்கயிறு வேண்டும்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் எழுத வரும்: தாத்தா பொன்னியிடம் 12 முழம் கயிறு வாங்கிவரச் சொல்கிறார். வழியில் பொன்னி ஒரு பாட்டிக்குச் சாலையைக் கடக்க உதவுகிறாள். நாய் துரத்துகிறது. கடைக்காரர் அளந்து கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கயிறு எட்டவில்லை. தாத்தா பொன்னியை மடியில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு அளவு என்று விளக்குகிறார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.

இந்தக் கதையில் பல ஓட்டைகள் இருக்கின்றன. நாயும் சாலை கடக்கும் பாட்டியும் போக வேண்டியவர்கள் என்பது எளிதில் தெரிகிறது. தண்ணீர்ச் சிக்கனம் நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு வேறொரு நாளும் வேறொரு கதையும் வேண்டும். இவற்றைவிடப் பெரிய கோளாறு கடைக்காரர்தான். கயிறு ஏன் எட்டவில்லை என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர், “கடைக்காரர் ஏமாத்திட்டாரு மிஸ்” என்பார்கள். அது தவறான பதில் இல்லை. கதை அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. கதையைக் கேட்ட குழந்தைக்கு அளவையைவிட ஆளின் குணம்தான் முதலில் கண்ணில் படும். அளவு குறைந்தது என்றால் யாரோ திருடினார்கள் என்று எடுத்துக்கொள்வது அதற்கு மிக இயல்பு.

கடைக்காரரை எடுத்துவிட்டுப் பொன்னியே அளப்பதாக வைத்தால் அடுத்த பதில் வரும்: “அவ தப்பா எண்ணிட்டா.” இன்னும் சிலர், கயிறு சுருங்கிவிட்டது என்பார்கள். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது என்று யோசிக்கும் விவரமான குழந்தையும் இருக்கும். இந்த வழிகள் ஒவ்வொன்றையும் கதை சத்தமில்லாமல் அடைக்க வேண்டும். மிச்சம் ஒரே ஒரு வழி, அதாவது கருத்தின் வழி, திறந்திருக்க வேண்டும். ஒரு கற்றல் நோக்கத்துக்காகக் கதை கட்டுவதில் நேரம் பிடிக்கும் வேலை இதுதான்.

திருத்திய கதை இப்படி வரலாம். வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

தாத்தா கிணற்றடியில் பழைய கயிற்றைக் கழற்றித் தரையில் நீட்டிப் போடுகிறார். அங்கங்கே நார் பிய்ந்து தொங்குகிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து வைத்து அளக்கிறார். “சரியா பன்னெண்டு முழம். கண்ணு, கயிறு திரிக்கிற அக்கா வீட்டுக்குப் போயி பன்னெண்டு முழம் அளந்து வாங்கிட்டு வா. காலையிலகூட இந்தக் கயித்துலதான் தண்ணி சேந்துனேன்.”

பொன்னிக்கு எட்டு வயது. அக்கா நார் உரித்துக்கொண்டிருக்கிறார், கையெல்லாம் தூசி. “நீயே அளந்து எடுத்துக்க பொன்னி, நான் எண்ணிக்கிறேன்” என்கிறார். பொன்னி தன் முழங்கையை வைத்து அளக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு வந்ததும் நிறுத்துகிறாள். தவறிவிடக் கூடாது என்று இன்னொரு முறையும் அளக்கிறாள். அக்காவும் கூடவே எண்ணுகிறார். பன்னிரண்டுதான். கயிற்றை வெட்டிச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள்.

தாத்தா புதுக்கயிற்றை ராட்டினத்தில் போட்டு வாளியை இறக்குகிறார். கயிறு தீர்ந்துபோகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வாளி தண்ணீருக்கு மேலே தொங்குகிறது. தாத்தா கயிற்றை மேலே இழுத்து, பழைய கயிற்றுக்குப் பக்கத்தில் நீட்டிப் போடுகிறார். புதுசு குட்டையாக இருக்கிறது. “பன்னெண்டு முழம்தானே சொன்னேன்?” “பன்னெண்டுதான் தாத்தா. ரெண்டு தரம் எண்ணுனேன். அக்காவும் எண்ணுனாங்க.” இருவரும் இரண்டு கயிறுகளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கதை இங்கே நிற்க வேண்டும்.

ஒவ்வொரு சிறு விவரமும் எதற்காக இருக்கிறது என்பதைக் கவனித்தால் கட்டுமானம் புரியும். காலையில் தாத்தா தண்ணீர் சேந்தியது, நீர்மட்டம் இறங்கியிருக்கலாம் என்ற பதிலை அடைக்கிறது. இரண்டு முறை எண்ணியது, எண்ணிக்கைத் தவறு என்ற பதிலை அடைக்கிறது. அக்கா கயிற்றைத் தொடாமல் எண்ண மட்டும் செய்ததால் ஏமாற்று என்ற பேச்சுக்கு இடமில்லை. பழைய கயிறு தூக்கி எறியப்படாமல் தரையில் கிடப்பதால், நீளம் வேறு எண்ணிக்கை வேறு என்பதைக் கண்ணெதிரே பார்க்க முடிகிறது. பொன்னியின் வயது சொல்லப்படுகிறது, கையின் அளவு சொல்லப்படவில்லை. அந்த இடைவெளியைக் கேட்கும் குழந்தை தானே நிரப்ப வேண்டும்.

தாத்தா விளக்குவதுபோல் முடித்தால் கதைக்கு வடிவம் கிடைக்கும், ஆனால் யோசிக்கும் வேலை தாத்தாவுடையதாகிவிடும். நிறுத்துவதில் பலன் இருக்கிறது என்பதற்கு அமெரிக்க வகுப்பறைகளில் ஒரு நல்ல சான்று உண்டு. ரால்ஃப் மில்லர் எழுதி 1962-இல் வெளிவந்த ஒரு சிறுவர் நூலில், ராணியின் பிறந்தநாளுக்காக ராஜா ஒரு கட்டில் செய்யச் சொல்கிறார். ராஜா தன் காலடியால் அளந்து நீளமும் அகலமும் சொல்கிறார். தச்சரிடம் வேலை பழகும் சிறியவன் தன் காலடியால் அளந்து கட்டிலைச் செய்கிறான். ராணிக்கு அது போதவில்லை. ராஜா அவனைச் சிறையில் அடைக்கிறார். கணிதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, சிறையில் இருப்பவனுக்கு ஆலோசனைக் கடிதம் எழுதச் சொல்வார்கள். என்ன தவறு நடந்தது என்பதை எழுதாமல் அந்தக் கடிதத்தை எழுத முடியாது. யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது கடிதங்களைப் படித்ததுமே ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது.

பொன்னியின் கதையை நிறுத்தியதும் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “என்ன நடந்திருக்கும்?” பிறகு அவர் பேசாமல் இருக்க வேண்டும். முதலில் வரும் பதில்களைச் சரி, தவறு என்று தீர்க்காமல் கதைக்குள்ளேயே திருப்பிவிடலாம். தப்பாக எண்ணியிருப்பாள் என்று ஒரு குழந்தை சொன்னால், “ரெண்டு தரம் எண்ணினாளே?” என்றால் போதும். சில நிமிடங்களில் யாராவது ஒருவர் தன் கையை நீட்டி ஆசிரியரின் கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லார் கவனமும் அங்கே திரும்பும்.

இனிக் கைவேலை. இதில் ஒரு பொறி இருக்கிறது. குழந்தைகளை உண்மையாகவே முழம் போடச் சொன்னால் சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் ஒன்றின்மேல் ஒன்று வைப்பார்கள். எண்ணிக்கை தாறுமாறாக வரும். இடைவெளி விடாமல் அளப்பது தனிப் பாடம், அதை இன்றைய பாடத்தோடு கலந்தால் இரண்டுமே குழம்பும். அதனால் காகிதப் பட்டைகள் செய்துகொள்ளலாம். 40 சென்டிமீட்டரில் ‘தாத்தா முழம்’, 30 சென்டிமீட்டரில் ‘பொன்னி முழம்’. தாத்தா முழம் 6, பொன்னி முழம் 8 என்று ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து, 240 சென்டிமீட்டர் நூல் ஒன்றையும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் பெரிய பட்டைகளை நுனியோடு நுனி அடுக்கினால் சரியாக 6 பிடிக்கும். மறுபக்கம் சிறியவை 8 பிடிக்கும். நூல் ஒன்றுதான், எண் இரண்டு. மீதி வராத அளவுகளாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அரை முழம், கால் முழம் என்ற பேச்சு இன்று எழக் கூடாது என்பதுதான்.

பட்டைகளைப் பார்த்தபின் கதைக்குத் திரும்பலாம். பொன்னி எத்தனை முழம் எடுத்திருக்க வேண்டும்? தாத்தாவின் 6 பொன்னிக்கு 8 என்றால், தாத்தாவின் 12 பொன்னிக்கு 16. இரட்டிப்பாக்கத் தெரிந்த குழந்தைகள் இதைக் கண்டுபிடிப்பார்கள். மற்றவர்கள் ‘12-க்கு மேல்’ என்று சொன்னால் அதுவே போதும், ஏனென்றால் எழுதிவைத்த நோக்கத்தில் பெருக்கல் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலை பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரே அறையில் எல்லா நிலையினரும் இருக்கும்போது கதையை ஒன்றாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு வரும் வேலையை மட்டும் இப்படி ஏற்றியும் இறக்கியும் கொடுக்கலாம்.

இதெல்லாம் முடிந்ததும் வகுப்பு கலகலப்பாக இருக்கும். இரண்டு குழந்தைகள் கதையை நடித்துக்கூடக் காட்டுவார்கள். இங்கேதான் ஆசிரியர் எளிதில் ஏமாந்துபோகிறார். கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லும் குழந்தைக்குக் கருத்து புரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கயிறும் கிணறும் இல்லாத இன்னொரு இடத்தில், மறுநாள் சோதித்தால்தான் தெரியும். “இந்த மேசை என் சாணுக்கு 6. உன் சாணுக்கு எத்தனை வரும்? ஆறைவிடக் கூடவா, குறையவா? அளக்காமல் சொல்லு, ஏன்னும் சொல்லு.”

புரிந்த குழந்தை, “கூட வரும், என் கை சின்னது, நிறைய தடவை வைக்கணும்” என்கிறது. புரியாத குழந்தையின் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “குறைய வரும், என் கை சின்னது.” சின்னக் கை என்றால் சின்ன எண் என்பது அதன் கணக்கு. இந்தப் பதில் வந்தால், கை அளவு வேறு என்பது அதற்குப் பிடிபட்டிருக்கிறது, ஆனால் எண்ணிக்கை எந்தப் பக்கம் நகரும் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அந்தக் குழந்தைக்குக் கதையை மறுபடி சொல்வதால் பயனில்லை. பட்டைகளைக் கையில் கொடுத்து, அடுக்குவதற்கு முன் எண்ணை ஊகிக்கச் சொல்லி, அடுக்கிச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். வேறு வேறு நீளமுள்ள நூல்களில் இதை நாலைந்து முறை செய்தால் பெரும்பாலும் தெளிவு வரும்.

பாடத்தைக் கதைபோல அமைப்பதைப் பற்றி ஆழமாக எழுதிய கனடா நாட்டுக் கல்வியாளர் கீரன் ஈகன், நோக்கங்களை முதலில் பட்டியலிட்டுப் பாடம் திட்டமிடும் வழக்கத்தையே எதிர்த்தவர். 1986-இல் வெளிவந்த அவருடைய நூல், பாடத்தை அடைய வேண்டிய இலக்குகளின் தொகுப்பாகப் பார்க்காமல், சொல்ல வேண்டிய நல்ல கதையாகப் பார்க்கச் சொல்கிறது. இந்தப் பாடத்தில் மனதைத் தொடுவது எது, எந்த எதிரெதிர் விஷயங்கள் இதில் மோதுகின்றன என்று அவர் முதலில் கேட்பார். அவர் நோக்கங்கள்மேல் கொண்ட சந்தேகம் பெரிய பாடங்களுக்கு மிகவும் பொருந்தும். ஒரு நாட்டின் வரலாற்றையோ ஓர் உயிரினத்தின் வாழ்க்கையையோ ஒற்றை வரி நோக்கத்துக்குள் அடைத்தால் அது வறண்டுவிடும். ஆனால் முழக் கணக்கு போன்ற, குழந்தைகள் வழக்கமாகத் தடுக்கிவிழும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, எழுதிவைத்த ஒரு வரி இல்லாமல் கதை கட்டினால் நாயும் முதலையும் உள்ளே வந்துவிடுகின்றன. ஈகனின் கேள்வியை மட்டும் அங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். பொன்னியின் கதையில் மோதுவது அவளுடைய நேர்மையும் குட்டையான கயிறும். அவள் சரியாகத்தான் செய்தாள், ஆனாலும் தவறாகிவிட்டது. குழந்தைகள் அவளுக்காக வாதாடுவது இதனால்தான்.

எல்லாப் பாடத்துக்கும் இந்த முறை ஏற்றதல்ல. வாய்ப்பாடு மனப்பாடமாவதற்கும் அளவுகோலின் சுழியத்தைப் பொருளின் நுனியில் சரியாக வைப்பதற்கும் பழக்கம்தான் வேண்டும். அங்கே கதை நேரத்தைத் தின்னும். குழந்தை எங்கே தவறான ஒன்றை உறுதியாக நம்புகிறதோ, அந்த நம்பிக்கை தடுமாற வேண்டிய இடத்தில்தான் இந்த வகைக் கதைக்கு வேலை. ஒரு பருவத்தில் அப்படி ஐந்தாறு இடங்கள் கணக்கில் வரலாம், அறிவியலில் இன்னும் சில. செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பது அப்படியொரு நம்பிக்கை. கனமான பொருள் எல்லாம் தண்ணீரில் மூழ்கும் என்பது இன்னொன்று.

பொன்னியின் கதைக்கு ஒரு தொடர்ச்சியும் எழுதலாம், வேறொரு நாளில், வேறொரு வாக்கியத்தை மனதில் வைத்து. கயிறு திரிக்கும் அக்காவிடம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஆள் அனுப்பாமல் போனிலேயே கயிறு கேட்கிறார். “நாப்பது முழம் வேணும்” என்கிறார். அவர் கை எவ்வளவு நீளம் என்று அக்காவுக்குத் தெரியாது, அக்காவின் கை எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. இருவரும் எதைச் சொன்னால் ஒரே நீளம் புரியும் என்ற கேள்வியோடு கதையை நிறுத்திவிட்டு, வகுப்பில் ஒரு மீட்டர் அளவுகோலை மேசைமேல் வைக்கலாம்.